வரைபடக் கட்டுரையை மதிப்பிடுதல்: தேர்வு, அச்சு, வாசிப்பு மூன்றையும் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

தரவுகளை வரைபடமாக்கி, அதன் கீழே நாலைந்து பத்திகளில் விளக்கமும் எழுதி ஒருவர் உங்களிடம் தருகிறார். எழுதியவர் மாணவராக இருக்கலாம், உடன் பணிபுரிபவராகவும் இருக்கலாம். வரைபடம் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா, அச்சுகள் நேர்மையாக இருக்கின்றனவா, தெரியும் போக்கைத் தெளிவாக வாசித்திருக்கிறாரா என்று நீங்கள் சொல்ல வேண்டும். பலர் இந்த மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து. எண்கள் ஒன்றைச் சொல்கின்றன, படம் ஒன்றைச் சொல்கிறது, வாக்கியம் ஒன்றைச் சொல்கிறது. இந்த மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் மதிப்பீட்டின் உயிர்.

ஒரே ஒரு தரவுத் தொடரை எடுத்துக்கொண்டு இதைக் கடைசி வரை செய்து பார்ப்போம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து வருகிறார்கள். சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய அளவீடு அது. அலகு பிபிஎம், பத்து லட்சம் மூலக்கூறுகளில் எத்தனை கார்பன் டை ஆக்சைடு என்பது அதன் பொருள். பத்தாண்டுக்கு ஒருமுறை ஆண்டுச் சராசரியை எடுத்தால் கிடைக்கும் எண்கள் ஏறத்தாழ இவை: 1960இல் 316.9, 1970இல் 325.7, 1980இல் 338.8, 1990இல் 354.5, 2000இல் 369.7, 2010இல் 390.1, 2020இல் 414.2. அளவுகோல் திருத்தங்களால் கடைசித் தசமம் சற்று நகரக்கூடும்.

இந்த எண்களை வைத்து ஒரு கட்டுரை வந்திருப்பதாகக் கொள்வோம். அதில் மூன்று வரைபடங்கள் இருக்கின்றன. முதலாவது, ஏழு ஆண்டுகளுக்கு ஏழு பட்டைகள்; செங்குத்து அச்சு 310இல் தொடங்குகிறது. இரண்டாவதில் கார்பன் டை ஆக்சைடு ஒரு கோடாகவும் உலக வெப்பநிலை இன்னொரு கோடாகவும், இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு என்று வரையப்பட்டிருக்கின்றன. மூன்றாவது, 2020 மே முதல் அக்டோபர் வரையிலான மாதச் சராசரிகள். கட்டுரையின் முடிவுரை இது: “கார்பன் டை ஆக்சைடு ஒவ்வொரு பத்தாண்டிலும் முந்தையதைவிட வேகமாகப் பெருகி மிகப் பெரிய உயரத்தைத் தொட்டிருக்கிறது, வெப்பநிலை அதையே அப்படியே பின்தொடர்கிறது, ஆனால் 2020 ஊரடங்கு இந்த உயர்வைத் திருப்பிவிட்டது.”

முதல் படி: எழுத்தை மூடிவிட்டுப் படத்தைப் பாருங்கள்

விளக்கத்தைப் படித்தபின் படத்தைப் பார்த்தால், எழுதியவர் காணச் சொன்னதையே கண்ணும் காணும். ஆகவே பத்திகளையும் தலைப்பையும் மறைத்துவிட்டு, ஒவ்வொரு படத்திலும் உங்களுக்குத் தெரிவதை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதுங்கள். எண் தெரிந்தால் எண்ணோடு எழுதுங்கள். பிறகு விளக்கத்தைத் திறந்து, எழுதியவரின் முக்கிய வாக்கியத்தை அதன் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் பிழை படத்தில் இருக்கிறது, அல்லது வாக்கியத்தில் இருக்கிறது, அல்லது இரண்டிலும் இருக்கிறது.

நம் கட்டுரையின் முதல் படத்தில் அச்சு எண்களைக் கவனிக்காமல் பார்த்தால் என் வாக்கியம் “1960இல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, 2020இல் பிரம்மாண்டம்” என்றுதான் வரும். மூன்றாவது படத்துக்கு “வேகமாகச் சரிகிறது” என்று எழுதுவேன். இரண்டுமே தரவுக்குப் புறம்பானவை. ஏன் அப்படித் தோன்றின என்று கண்டுபிடிப்பதே அடுத்த படிகளின் வேலை.

இரண்டாம் படி: கேள்விக்கு ஏற்ற வரைபடமா?

“காலத்தொடருக்குக் கோடு, ஒப்பீட்டுக்குப் பட்டை, பங்குகளுக்கு வட்டம்” என்ற பட்டியலை மனத்தில் வைத்து மதிப்பிடுபவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் எதற்குப் பதில் சொல்ல இந்தப் படம் வரையப்பட்டது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் தேர்வு சரியா தவறா என்று சொல்லவே முடியாது. ஆகவே கட்டுரையில் அந்தக் கேள்வியைத் தேடுங்கள். வெளிப்படையாக எழுதப்படாமல் இருந்தால் முடிவுரையிலிருந்து மீட்டெடுங்கள். இங்கே முதல் படத்தின் கேள்வி, “உயர்வின் வேகம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடியிருக்கிறதா?” என்பது.

வரையப்பட்டவையோ அளவுகள். வேகம் அதில் எங்கே இருக்கிறது? அடுத்தடுத்த பட்டைகளின் உச்சிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தில் ஒளிந்திருக்கிறது. வாசகர் ஆறு வித்தியாசங்களையும் கண்ணாலேயே அளந்து, மனத்திலேயே ஒப்பிட வேண்டும். புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட சோதனைகள் இந்த இடத்தில் கைகொடுக்கின்றன. ஒரே அடிக்கோட்டிலிருந்து அளக்கப்படும் இடங்களை மனிதக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. வெவ்வேறு உயரத்தில் மிதக்கும் நீளங்களை ஒப்பிடுவதில் பிழை கூடுகிறது. கோணங்களை ஒப்பிடுவதிலும் அப்படியே. உச்சிகளுக்கு இடையிலான வித்தியாசங்கள் அந்த மிதக்கும் நீளங்களின் வகையைச் சேர்ந்தவை.

அதனால் இந்தக் கேள்விக்குரிய வரைபடம் அளவுகளின் படம் அல்ல, அதிகரிப்புகளின் படம். கழித்துப் பார்த்தால் ஆறு எண்கள் கிடைக்கும்: 8.8, 13.1, 15.7, 15.2, 20.4, 24.1. இவற்றை ஆறு பட்டைகளாகப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் கேள்விக்கான விடை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எழுதியவரிடம் “பட்டை வரைபடம் தவறு” என்று சொன்னால் அவர் அதைக் கோடாக மாற்றிக் கொண்டுவருவார். சிக்கல் அப்படியே இருக்கும். “நீங்கள் பேசுவது வேகத்தைப் பற்றி, வரைந்திருப்பது அளவை” என்று சொன்னால்தான் சரியான இடத்தில் திருத்துவார்.

மூன்றாம் படி: அச்சை அளவுகோல் வைத்துச் சோதியுங்கள்

பட்டையில் நம் கண் படிப்பது நீளத்தை. ஒரு பட்டை இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால் மதிப்பும் இரண்டு மடங்கு என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். எனவே பட்டையின் அச்சு பூஜ்யத்தில் தொடங்கியாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மீறலின் அளவைக் கணக்கிடுவதும் எளிது. நம் கட்டுரையில் 1960இன் பட்டை 310க்கு மேல் 6.9 அலகு உயரம், 2020இன் பட்டை 104.2 அலகு உயரம். வரையப்பட்ட விகிதம் ஏறத்தாழ 15 மடங்கு. உண்மையான விகிதம் 414.2ஐ 316.9ஆல் வகுத்தால் வரும் 1.3 மடங்கு. இந்த இரு எண்களையும் கருத்துரையில் அப்படியே எழுதிவிடுங்கள். “அச்சு வெட்டப்பட்டிருக்கிறது” என்ற பொதுக் குறிப்பை யாரும் பொருட்படுத்துவதில்லை, “1.3 மடங்கை 15 மடங்காகக் காட்டுகிறது” என்ற வரியைக் கடந்துபோக முடியாது.

இப்போது மதிப்பிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு. “அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கு” என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த அறிவுரையைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2020இன் பட்டை 10 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால், 1960களின் 8.8 பிபிஎம் அதிகரிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டரில் அடங்கிவிடும்; 2010களின் 24.1 அதிகரிப்பு 6 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அச்சு நேர்மையாகிவிட்டது, போக்கு மறைந்துவிட்டது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பூஜ்யமாக ஆகவே முடியாத இந்தத் தொடரில், பூஜ்யம் வாசகருக்கு எந்தச் செய்தியும் தருவதில்லை. ஆகவே அச்சும் தேர்வும் பிரிக்க முடியாதவை. அளவுகளைக் காட்ட வேண்டுமானால் கோடு அல்லது புள்ளிகளைப் பயன்படுத்தி அச்சை 310 முதல் 420 வரை வைக்கலாம். கோட்டில் கண் படிப்பது இடத்தையும் சாய்வையும்தான், அடியிலிருந்து அளந்த நீளத்தை அல்ல. அதிகரிப்புகளைக் காட்ட வேண்டுமானால் பூஜ்யத்தில் தொடங்கும் பட்டைகளே போதும்.

கோட்டுக்குப் பூஜ்யம் கட்டாயமில்லை என்பதால் எதுவும் செய்யலாம் என்று பொருளல்ல. அச்சு எண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், அலகு எழுதப்பட்டிருக்க வேண்டும், கோட்டுக்குக் கீழே வண்ணம் நிரப்பக் கூடாது. வண்ணம் நிரப்பினால் அது பரப்பாகிவிடும். பரப்பு வந்தால் பூஜ்யமும் வர வேண்டும்.

யார் செய்த மீறல் என்பதையும் பாருங்கள். எக்செல் போன்ற மென்பொருள்கள், மதிப்புகளுக்கிடையே வேறுபாடு சிறிதாக இருக்கும்போது பட்டை வரைபடத்துக்கும் பூஜ்யமல்லாத தொடக்கத்தைத் தாமாகவே வைத்துவிடும். எழுதியவர் கவனிக்காமல் விட்டிருக்கலாம். பைத்தான் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப் பட்டைகளை இயல்பாகவே பூஜ்யத்திலிருந்து வரையும். அங்கே அச்சு 310இல் தொடங்கினால், நிரலில் இப்படி ஒரு வரியை யாரோ எழுதியிருக்கிறார்கள்:

```python
ax.bar(years, co2)
ax.set_ylim(310, 420)
```

கவனக்குறைவுக்கும் முடிவெடுத்துச் செய்ததற்கும் நான் ஒரே மதிப்பெண்தான் குறைப்பேன், ஏனென்றால் வாசகர் ஏமாறுவது ஒரே அளவுதான். ஆனால் கருத்துரையின் தொனி வேறாக இருக்கும். முன்னவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினால் போதும். பின்னவரிடம் ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்டு விடை பெற வேண்டும்.

கிடை அச்சிலும் பொய் நுழையும், அங்கே பலரும் பார்ப்பதேயில்லை. ஆண்டுகளுக்கிடையே இடைவெளி சமமா என்று எண்ணிப் பாருங்கள். 1960, 1980, 2000, 2010, 2020 என்று ஐந்து பட்டைகளை ஒரே இடைவெளியில் நிறுத்தினால், இருபதாண்டு உயர்வும் பத்தாண்டு உயர்வும் சமமாகத் தோன்றும்.

நான்காம் படி: இரட்டை அச்சு

இரண்டாவது படத்தில் இரு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கின்றன. அந்தப் பொருத்தம் தரவிலிருந்து வந்ததா, அச்சிலிருந்து வந்ததா? இடப்பக்க அச்சில் பிபிஎம், வலப்பக்க அச்சில் டிகிரி செல்சியஸ். இரண்டுக்கும் பொதுவான அளவு கிடையாது. வலப்பக்க அச்சின் எல்லைகளை விரித்தால் வெப்பநிலைக் கோடு தட்டையாகும், சுருக்கினால் செங்குத்தாகும், நகர்த்தினால் இரு கோடுகளும் நாம் விரும்பும் ஆண்டில் வெட்டிக்கொள்ளும். எண் ஒன்றும் மாறாது. சோதனையும் இதுவே: வலப்பக்க எல்லைகளை மாற்றி மறுபடி வரைந்து பாருங்கள், எழுதியவரின் வாக்கியம் தாக்குப்பிடிக்கவில்லை என்றால் அது அச்சைப் பற்றிய வாக்கியம்.

மாற்று, ஒரே கிடை அச்சில் மேலும் கீழுமாக இரு தனிப் படங்கள். இரண்டுக்குமான உறவே கேள்வி என்றால், ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடும் மறுபக்கம் வெப்பநிலையுமாகச் சிதறல் வரைபடம். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும் எந்த இரு தொடர்களும் சிதறல் படத்தில் அழகான சாய்கோடாக அமையும். கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்குகிறது என்பது இயற்பியலால் நிறுவப்பட்ட உண்மை. ஆனால் அதை நிறுவியது இந்தப் படம் அல்ல. முடிவு உண்மை என்பதற்காக அதற்கான ஆதாரத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது. நமக்கு உடன்பாடான முடிவுகளில்தான் இந்தச் சலுகை எளிதில் நுழைகிறது.

ஐந்தாம் படி: போக்கை வாசித்த வாக்கியங்கள்

மூன்றாவது படம் 2020 மே முதல் அக்டோபர் வரை சரியும் கோடு. எண்கள் சரி, அச்சில் அலகு இருக்கிறது, காலத்தொடருக்குக் கோடு பொருத்தம். பட்டியலை வைத்து மதிப்பிடுபவர் இதற்கு முழு மதிப்பெண் தந்துவிடுவார். ஆனால் கட்டுரையின் மிகப் பெரிய பிழை இங்கேதான் இருக்கிறது.

மௌனா லோவாவில் கார்பன் டை ஆக்சைடு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வடகோளத்துத் தாவரங்கள் கோடையில் வளரும்போது அதை உறிஞ்சிக்கொள்வதே காரணம். இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 6 முதல் 7 பிபிஎம். ஊரடங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேயிலிருந்து அக்டோபர் வரை கோடு சரியத்தான் செய்யும். உலகளவில் புதைபடிவ எரிபொருள் உமிழ்வு 2020இல் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் உமிழ்வு குறைந்தால் காற்றிலுள்ள இருப்பு குறைந்துவிடாது. சேர்கிற வேகம்தான் சற்றுக் குறையும். 2020இன் ஆண்டுச் சராசரி 2019ஐவிட ஏறத்தாழ 2.5 பிபிஎம் கூடுதலாகவே இருந்தது.

இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க மூன்று கேள்விகள் போதும். படத்தில் இருப்பது எந்தக் காலத்துண்டு, அதற்கு முன்னும் பின்னும் என்ன? அதே மாதத்தை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் என்ன வருகிறது? அச்சில் இருப்பது சேர்ந்திருக்கும் அளவா, சேரும் வேகமா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்தத் துறையின் வரைபடத்திலும் கேட்கலாம். அளவையும் வேகத்தையும் குழப்பிக்கொள்வது அத்தனை பரவலானது.

முழுத் தொடரையும் மாத வாரியாக வரையச் சொன்னால், படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தையும் பாருங்கள். குறுகலாக, உயரமாக வரைந்தால் நீண்டகால ஏற்றம் மட்டும் தெரியும், பருவ அலைகள் நெருங்கி ஒரு தடித்த கோடாகிவிடும். சில ஆண்டுகளை மட்டும் எடுத்து அகலமாக விரித்தால், ஏறும் பக்கம் மெதுவாகவும் இறங்கும் பக்கம் விரைவாகவும் இருப்பது தெரியவரும். ஏற ஏழெட்டு மாதங்கள், இறங்க நாலைந்து மாதங்கள். கோட்டின் சாய்வுகள் 45 பாகைக்கு அருகில் இருக்கும்போது அவற்றின் வேறுபாட்டைக் கண் நன்றாக உணர்கிறது என்பது கிளீவ்லாண்டின் பரிந்துரை. இரண்டு செய்திகளையும் சொல்ல விரும்புபவர் இரண்டு படங்கள் வரையட்டும்.

அடுத்து, “ஒவ்வொரு பத்தாண்டிலும் முந்தையதைவிட வேகமாக” என்ற வாக்கியம். அதிகரிப்புகளைத் திரும்பப் பாருங்கள்: 1980களில் 15.7, 1990களில் 15.2. “ஒவ்வொரு” என்ற சொல் அங்கே உடைகிறது. சுவையான விஷயம் என்னவென்றால், ஆண்டுச் சராசரிகளை முழு எண்களாக்கும்போது 354.5ஐ 354 என்று எடுத்துக்கொண்டு கழித்தால் 1980களுக்கு 15ம் 1990களுக்கு 16ம் வரும். வரிசை தலைகீழாகி வாக்கியம் உண்மைபோலத் தோன்றும். கழித்த பிறகுதான் முழுமையாக்க வேண்டும், முன்னால் அல்ல. எழுதியவர் எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டால் பிழையின் வேர் தெரிந்துவிடும். நான் ஏற்றுக்கொள்ளும் வாக்கியம் இப்படி இருக்கும்: “பத்தாண்டு அதிகரிப்பு 1960களில் ஏறத்தாழ 9 பிபிஎம், 2010களில் ஏறத்தாழ 24, இடையே 1980களும் 1990களும் ஏறத்தாழச் சமம்.” அளவு இருக்கிறது, அலகு இருக்கிறது, விதிவிலக்கு மறைக்கப்படவில்லை. “மிகப் பெரிய உயரத்தைத் தொட்டிருக்கிறது” என்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

காரணம் சொல்லும் வாக்கியங்களைத் தனியே கோடிட்டு வையுங்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின் சில காலம் உயர்வின் வேகம் குறைந்தது. ஆண்டு அதிகரிப்புகளின் படத்தில் அந்தத் தாழ்வு தெரியும், எரிமலை தெரியாது. எழுதியவர் அதைக் காரணமாகச் சொல்ல விரும்பினால், படத்துக்கு வெளியேயிருந்து ஆதாரம் காட்ட வேண்டும். “வரைபடம் காட்டுவதுபோல்” என்ற தொடருக்குப் பின்னால் காரணம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

மதிப்பெண்ணும் கருத்துரையும்

20 மதிப்பெண்ணில் நான் தேர்வுக்கு 5, அச்சுகளுக்கு 6, வாசிப்புக்கு 9 என்று பிரிப்பேன். வாசிப்புக்கு அதிகம், ஏனெனில் வாசகர் எடுத்துச் செல்வது அந்த வாக்கியத்தை. நம் கட்டுரைக்குத் தேர்வில் 2: முதல் படம் கேள்வியைத் தவறவிட்டது, இரண்டாவதும் பொருந்தவில்லை, மூன்றாவது வகையளவில் சரி. அச்சுகளில் 1, அலகுகள் எழுதப்பட்டிருப்பதற்காக மட்டும். வாசிப்பில் 2, நீண்டகால ஏற்றம் என்ற அடிப்படைப் போக்கைக் கண்டதற்காக. எண் குறைவாக இருப்பதால் கருத்துரை இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்லாப் பிழைகளையும் கொட்டாமல் மூன்றை மட்டும் எழுதுவேன்:

“படம் 1: நீங்கள் பேசுவது உயர்வின் வேகம், வரைந்திருப்பது அளவு. பத்தாண்டு அதிகரிப்புகளைக் கணக்கிட்டு, பூஜ்யத்திலிருந்து பட்டைகளாக வரையுங்கள். இப்போதைய படம் 1.3 மடங்கை 15 மடங்காகக் காட்டுகிறது. படம் 2: வலப்பக்க அச்சின் எல்லைகளை மாற்றி இரண்டு முறை வரைந்து பாருங்கள், உங்கள் வாக்கியம் இரண்டிலும் நிற்கிறதா? படம் 3: 2015 முதல் 2021 வரை மாத வாரியாக வரைந்தபின், 2020இன் சரிவு மற்ற ஆண்டுகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்.”

மூன்றாவது குறிப்பில் விடையைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு ஆண்டுகளின் அலைகளையும் வரிசையாகப் பார்த்த எவருக்கும் அது தானாகத் தெரியும். தானாகக் கண்டது மறக்காது.

திருத்திய கட்டுரை வரும்போது படங்களுக்கு முன் பத்திகளைப் பாருங்கள். படங்கள் மாறி, பழைய வாக்கியங்கள் அப்படியே இருப்பது மிகச் சாதாரணம். அதிகரிப்புகளின் படத்துக்குக் கீழே “ஒவ்வொரு பத்தாண்டிலும்” இன்னும் நின்றுகொண்டிருந்தால், அவர் புதிய படத்தை வரைந்திருக்கிறார், ஆனால் வாசிக்கவில்லை. அச்சு மதிப்பெண்ணைக் கூட்டுங்கள், வாசிப்பு மதிப்பெண்ணை அப்படியே வையுங்கள், மூன்றாவது நான்காவது பட்டைகளை விரலால் சுட்டிக்காட்டி அவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் கேளுங்கள்.